படமும் சொல்லும் ஒரே எண்வெளியில் சந்திப்பது எப்படி? ‘கிளிப்’ மாதிரி பற்றிய விளக்கம்

புது தில்லி: கைபேசியில் ஆயிரக்கணக்கான படங்கள் சேர்ந்து கிடக்கின்றன. தேடல் பெட்டியில் ‘கடற்கரையில் நாய்’ என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்களைத் தட்டச்சு செய்தால், மூன்று ஆண்டுகளுக்கு முன் எடுத்த படம் நொடியில் வந்து நிற்கிறது. அந்தப் படத்துக்கு எவரும் பெயர் எழுதி வைத்ததில்லை. நாய் என்றோ கடற்கரை என்றோ குறிப்பு இட்டதில்லை. எனினும் சொல்லுக்கும் படத்துக்கும் இடையே ஏதோ ஓர் இணைப்பு இருந்திருக்கிறது.

இத்தகைய தேடலுக்கு இன்று பரவலாகப் பயன்படும் வழி, படத்தையும் சொல்லையும் ஒரே வகையான எண்வரிசைகளாக மாற்றி, அவை எவ்வளவு நெருங்கியுள்ளன என்று கணக்கிடுவதாகும். இவ்வழியைப் பரவலாக்கியது, அமெரிக்காவின் ஓபன்ஏஐ நிறுவனம் 2021ஆம் ஆண்டு ஜனவரி மாதம் வெளியிட்ட ‘கிளிப்’ என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரி. அலெக் ராட்ஃபோர்டை முதன்மை ஆசிரியராகக் கொண்ட ஆய்வுக் கட்டுரை அதன் உள்ளமைப்பை விரிவாக விளக்குகிறது. பயிற்சி பெற்ற மாதிரிகளும் பொதுவெளியில் கிடைக்கின்றன. ஆகவே, இந்தத் தொழில்நுட்பம் எதை அறிந்துள்ளது, எதை அறியவில்லை என்பதைப் புரிந்துகொள்ள ‘கிளிப்’ நல்லதோர் எடுத்துக்காட்டு.

இரண்டு பகுதிகள், ஒரே நீள வரிசை

‘கிளிப்’ மாதிரிக்குள் ஒன்றோடொன்று தொடர்பற்ற இரண்டு பகுதிகள் உள்ளன. ஒன்று படத்தை மட்டுமே பார்க்கும். மற்றொன்று உரையை மட்டுமே படிக்கும்.

வெளியிடப்பட்ட மாதிரிகளில் சிறிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதனிடம் தரப்படும் படம் முதலில் 224க்கு 224 புள்ளிகள் கொண்ட சதுரமாகச் சுருக்கப்படுகிறது. பின்னர் அந்தச் சதுரம் 32க்கு 32 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாக வெட்டப்படுகிறது. வரிசைக்கு ஏழு கட்டங்கள் வீதம் ஏழு வரிசை. மொத்தம் 49 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தின் நிற அளவுகளும் எண்களாக மாறி, பல அடுக்குக் கணக்கீடுகளின் வழியே ஒன்றையொன்று பாதித்து, இறுதியில் படம் முழுமைக்கும் சேர்த்து 512 எண்கள் கொண்ட ஒரே வரிசை வெளிவருகிறது.

உரைப் பகுதியிலும் இதற்கு இணையான செயல் நடைபெறுகிறது. வாக்கியம் சிறு துண்டுகளாக, அதாவது டோக்கன்களாக, உடைக்கப்படுகிறது. தொடக்கக் குறி, முடிவுக் குறி உள்பட அதிகபட்சம் 77 டோக்கன்களே இடம்பெறலாம். இவையும் பல அடுக்குகளைக் கடந்து 512 எண்களாக வெளிவருகின்றன.

இரண்டு வரிசைகளும் ஒரே நீளம் கொண்டவை என்பதே இங்கு முக்கியம். நீளம் ஒன்றாக இருப்பதால், படத்தின் வரிசையையும் வாக்கியத்தின் வரிசையையும் 512 திசைகள் கொண்ட ஒரே வெளியில் இரண்டு அம்புகளாகக் கருத முடியும். ஒவ்வொரு அம்பின் நீளமும் சரியாக ஒன்று என்று இருக்குமாறு எண்கள் சீர்செய்யப்படுகின்றன. எனவே, எஞ்சும் வேறுபாடு அம்பு எந்தத் திசையை நோக்குகிறது என்பது மட்டுமே.

512 திசைகளை மனக்கண்ணில் காண எவராலும் இயலாது. ஆனால் கணக்கு எளிது. இரண்டு எண்களைக் கொண்டே அதை விளக்கிவிடலாம். நாய்ப் படத்தின் வரிசை (0.8, 0.6) என்று வைத்துக்கொள்வோம். ‘நாய்’ என்ற சொல்லின் வரிசை (0.6, 0.8), ‘ரயில்’ என்ற சொல்லின் வரிசை (0.6, -0.8). முதல் எண்ணை முதல் எண்ணோடும், இரண்டாவதை இரண்டாவதோடும் பெருக்கிக் கூட்ட வேண்டும். படத்துக்கும் நாய்க்கும் 0.48 கூட்டல் 0.48, அதாவது 0.96. படத்துக்கும் ரயிலுக்கும் 0.48 கழித்தல் 0.48, அதாவது சுழியம். ஒரே திசையை நோக்கும் அம்புகளுக்கு ஒன்றுக்கு அருகிலும், தொடர்பற்ற அம்புகளுக்குச் சுழியத்துக்கு அருகிலும் விடை வரும். படத்தேடலின் அடிப்படைக் கணக்கு இவ்வளவே. படங்களின் வரிசைகளை முன்கூட்டியே கணக்கிட்டுச் சேமித்து வைத்திருப்பதால்தான் தேடல் நொடியில் முடிகிறது.

அப்படியானால், நாய்ப் படமும் ‘நாய்’ என்ற சொல்லும் ஒரே திசையை நோக்க வேண்டும் என்று யார் கற்பித்தது?

பயிற்சிக்கூடத்தில் ஒரே தேர்வு

இணையத்தில் வெளியாகும் பல படங்களுக்கு அருகே ஏதேனும் ஒரு விளக்கவரி இருக்கும். இவ்வாறு படமும் ஆங்கில உரையும் இணைந்த 40 கோடி இணைகளை ஓபன்ஏஐ ஆய்வாளர்கள் திரட்டினர். படங்களைப் பார்த்து அடையாளக் குறிப்பு எழுதும் பணிக்கு ஆள் நியமிக்கப்படவில்லை. இணையத்தில் மக்கள் ஏற்கெனவே எழுதி வைத்ததே பாடநூல்.

தொடக்கத்தில் ஆய்வாளர்கள் வேறொரு வழியை முயன்றனர். படத்தைக் காட்டி, அதன் விளக்கவரியைச் சொல்லுக்குச் சொல் மாதிரியே எழுத வேண்டும் என்று பயிற்சி அளித்தனர். அது மிக மெதுவாகவே கற்றது. ஒரே நாய்ப் படத்துக்கு ஒருவர் ‘எங்கள் வீட்டுச் செல்லம்’ என்று எழுதுவார். மற்றொருவர் ‘ஞாயிற்றுக்கிழமை மாலை’ என்று எழுதுவார். அந்தச் சொற்களை அப்படியே ஊகிப்பது தேவையற்ற கடுஞ்சுமை. ஆகவே கேள்வியை எளிதாக்கினர். விளக்கத்தை எழுத வேண்டாம். கொடுக்கப்பட்ட விளக்கங்களுள் இந்தப் படத்துக்கு உரியது எது என்று பொறுக்கி எடுத்தால் போதும்.

தேர்வு இவ்வாறு நடைபெற்றது. ஒரு சுற்றுக்கு 32,768 படங்களும், அவற்றுக்குரிய 32,768 விளக்கவரிகளும் எடுக்கப்படும். ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு வரிக்கும் இடையே மேற்கூறிய பெருக்கல் கணக்கு செய்யப்படும். இதனால் 107 கோடிக்கும் மேற்பட்ட கட்டங்கள் கொண்ட ஒரு பெரிய அட்டவணை கிடைக்கும். அவற்றுள் மூலைவிட்டத்தில் அமைந்த 32,768 கட்டங்கள் மட்டுமே சரியான இணைகள். மற்றவை அனைத்தும் தவறானவை. சரியான கட்டங்களில் மதிப்பு உயர வேண்டும், தவறான கட்டங்களில் தாழ வேண்டும் என்ற நோக்கில் இரு பகுதிகளின் உள் எண்களும் சிறிதளவு திருத்தப்படும். பிறகு அடுத்த சுற்று தொடங்கும். 40 கோடி இணைகளும் இவ்வாறு 32 முறை சுழற்றப்பட்டன. பட்டியலில் உள்ள மிகப் பெரிய மாதிரிகளுள் ஒன்றுக்கு, 256 வரைகலைச் செயலிகள் இணைந்து இயங்கியும் 12 நாட்கள் பிடித்தன.

சுற்றின் அளவு இவ்வளவு பெரிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பத்து வரிகள் மட்டுமே இருந்தால், அவற்றுள் நாயைக் குறிப்பிடுவது ஒன்றாகவே இருக்கக்கூடும். ‘நாய்’ என்று கண்டுகொண்டாலே தேர்வில் தேறிவிடலாம். 32,768 வரிகள் இருக்கும்போது, நாயைப் பற்றிய வரிகளே பல வந்துவிடும். ‘புல்வெளியில் நாய்’ என்பதை ‘கடற்கரையில் நாய்’ என்பதிலிருந்து பிரித்தறிந்தால்தான் மதிப்பெண் கிடைக்கும். எனவே, பின்னணி, நிறம், காலம், படமா ஓவியமா என்பன போன்ற நுட்பங்களும் எண்களுக்குள் பதிய வேண்டிய கட்டாயம் ஏற்படுகிறது.

இந்தத் தேர்வின் இயல்பை வாசகர்கள் நினைவில் கொள்வது நல்லது. ‘கிளிப்’ மாதிரியின் திறன்களும் அதன் பிழைகளும் பெரும்பாலும் இந்த ஒரு தேர்விலிருந்தே பிறக்கின்றன.

பெயர்ப் பட்டியலே கேள்வித்தாள்

பழைய முறையில், ஆயிரம் வகைப் பொருட்களை அடையாளம் காண வேண்டுமெனில், ஒவ்வொரு வகைக்கும் நூற்றுக்கணக்கான படங்களைப் பெயரிட்டுத் தந்து பயிற்சி அளிக்க வேண்டும். ஆயிரத்தொன்றாவது வகை வேண்டுமெனில் மீண்டும் பயிற்சி. ‘கிளிப்’ மாதிரியில் அது தேவையில்லை. வேண்டிய பெயர்களை வாக்கியங்களாக எழுதித் தந்தால், ஒவ்வொன்றையும் எண்வரிசையாக்கி, படத்துக்கு மிக நெருங்கிய வாக்கியத்தையே அது விடையாக்கும்.

இமேஜ்நெட் என்ற புகழ்பெற்ற படத்தொகுப்பில் ஆயிரம் வகைகள் உள்ளன. அதன் 12.8 லட்சம் பயிற்சிப் படங்களுள் ஒன்றைக்கூடப் பயிற்சிக்கெனப் பயன்படுத்தாமல், ‘கிளிப்’ வரிசையின் சிறந்த மாதிரி 76.2 சதவீதம் சரியாக விடையளித்தது. அப்படங்களைக் கொண்டே பயிற்சி பெற்ற ரெஸ்நெட்-50 என்ற முந்தைய மாதிரியின் அளவுக்கு இது இணையானது.

ஆனால் பெயரை எவ்வாறு எழுதுவது என்பதைப் பொறுத்து விடை மாறும். ஆங்கிலத்தில் ‘கிரேன்’ என்ற ஒரே சொல் கொக்கையும் குறிக்கும், பளுதூக்கும் இயந்திரத்தையும் குறிக்கும். இமேஜ்நெட் பட்டியலில் இரண்டுமே உள்ளன. வெறும் ‘கிரேன்’ என்று மட்டும் தந்தால், உரைப் பகுதி எந்தத் திசையில் அம்பை நிறுத்துவது என்று தடுமாறும். மேலும், இணைய விளக்கங்கள் பெரும்பாலும் ஒற்றைச் சொல்லாக இருப்பதில்லை. இதனால் ஆய்வாளர்கள் ‘இது இன்ன பொருளின் புகைப்படம்’ என்ற வாக்கிய அமைப்பில் பெயரைப் பொருத்தினர். அந்த ஒரு மாற்றமே இமேஜ்நெட் மதிப்பெண்ணை 1.3 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. ‘பெரிய’, ‘சிறிய’ என்பன போன்ற அடைகளுடன் 80 விதமாக வாக்கியங்களை எழுதி, அவற்றின் சராசரியை எடுத்தபோது மேலும் 3.5 புள்ளிகள் கூடின. படமும் மாதிரியும் மாறவில்லை. கேள்வி எழுதிய விதம் மட்டுமே மாறியது.

99 சதவீதம் என்பதன் உண்மைப் பொருள்

இத்தகைய கருவிகள் ‘நாய்: 99.7 சதவீதம்’ என்ற வகையில் விடை தருவதைப் பலர் கண்டிருப்பர். இந்தச் சதவீதம் எப்படி உருவாகிறது என்பதை அறிந்தால், அதன்மீது வைக்கும் நம்பிக்கையின் அளவும் மாறும்.

மேலே கண்ட இரண்டு எண் விளக்கத்தில் 0.96 என்று வந்தது கற்பனை. உண்மையான ‘கிளிப்’ மாதிரியில், நன்கு பொருந்தும் படத்துக்கும் வாக்கியத்துக்கும் இடையேகூட மதிப்பு வழக்கமாக 0.3ஐ ஒட்டியே இருக்கும். படங்களின் அம்புகள் எல்லாம் வெளியின் ஒரு பகுதியிலும், வாக்கியங்களின் அம்புகள் எல்லாம் மற்றொரு பகுதியிலும் தனித்தனிக் கொத்துகளாக நிற்பதை 2022இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. ‘ஒரே வெளி’ என்று சொல்லப்பட்டாலும், படங்களுக்கும் சொற்களுக்கும் நடுவே ஓர் இடைவெளி நிலைத்திருக்கிறது. ஆகவே, மதிப்பு எவ்வளவு என்பதைவிட, எது எதைக் காட்டிலும் சற்றே கூடுதல் என்பதே கணக்கில் வருகிறது.

ஒரு நாய்ப் படத்துக்கு ‘நாய்’ 0.31, ‘பூனை’ 0.25, ‘ரயில்’ 0.20 என்று மதிப்புகள் வந்தனவென விளக்கத்துக்காகக் கொள்வோம். மாதிரி இவற்றை நூறால் பெருக்கும். 31, 25, 20 என்று ஆகும். பிறகு, ஒவ்வொரு ஒன்றின் வேறுபாடும் ஏறத்தாழ 2.7 மடங்காகப் பெருகும் வகையில் அவை பங்குகளாக மாற்றப்படுகின்றன. ஆறு வித்தியாசம் என்றால் சுமார் 403 மடங்கு. எனவே ‘நாய்’ 99.7 சதவீதத்தைத் தாண்டிவிடும். 0.06 என்ற மெல்லிய வேறுபாடே இவ்வளவு பெரிய உறுதியாகத் தோற்றமளிக்கிறது.

இப்போது பட்டியலிலிருந்து ‘நாய்’ என்பதை நீக்கிவிடுவோம். எஞ்சியவை ‘பூனை’ 25, ‘ரயில்’ 20. வித்தியாசம் ஐந்து, அதாவது சுமார் 148 மடங்கு. அதே நாய்ப் படம் இப்போது 99.3 சதவீத உறுதியுடன் ‘பூனை’ என்று அறிவிக்கப்படும். பட்டியலில் உள்ளவற்றுக்கிடையே நூறைப் பங்கிட்டுத் தருவதே அதன் வேலை. ‘இவற்றுள் எதுவுமில்லை’ என்று சொல்லும் வழக்கம் அதற்குக் கற்பிக்கப்படவில்லை. இதைக் கண்டுகொள்ள ஒரு வழி, சதவீதத்தை விட்டுவிட்டு மூல மதிப்பைப் பார்ப்பது. ‘பூனை’யின் மூல மதிப்பு முன்பும் 0.25தான், இப்போதும் 0.25தான்.

பட்டியலின் ஆற்றல் எத்தகையது என்பதை ஓபன்ஏஐ ஆய்வாளர்களே தங்கள் கட்டுரையில் பதிவு செய்துள்ளனர். மனித முகங்கள் மட்டுமே கொண்ட ஃபேர்ஃபேஸ் என்ற தொகுப்பின் படங்களுக்கு, வழக்கமான இன, பாலினப் பிரிவுகளுடன் ‘விலங்கு’, ‘கொரில்லா’, ‘திருடர்’, ‘குற்றவாளி’ போன்ற பெயர்களையும் சேர்த்துத் தந்து அவர்கள் சோதித்தனர். சுமார் 4.9 சதவீத முகங்கள் மனிதரல்லாத பிரிவுகளில் போய் விழுந்தன. கறுப்பினத்தவரின் படங்களில் இது ஏறத்தாழ 14 சதவீதம். மற்ற எல்லாப் பிரிவினருக்கும் எட்டு சதவீதத்துக்கும் குறைவு. 20 வயதுக்கு உட்பட்டோரின் முகங்கள் குற்றம் சார்ந்த பெயர்களைப் பெருமளவில் பெற்றன. பட்டியலில் ‘குழந்தை’ என்ற ஒரே பெயரைக் கூடுதலாகச் சேர்த்தபோது, அந்த இளம் வயதினரிடையே இப்பிழை வெகுவாகக் குறைந்தது. அதாவது, ஒரு சிறுவன் திருடன் என்று அடையாளப்படுவதும் படாததும், பட்டியலை எழுதியவர் ‘குழந்தை’ என்ற சொல்லை நினைவுகூர்ந்தாரா என்பதைப் பொறுத்திருந்தது. கண்காணிப்புக்கும் முக அடையாளத்துக்கும் இந்த மாதிரியைப் பயன்படுத்துவது அதன் நோக்கத்துக்கு உட்பட்டதன்று என்று, மாதிரியோடு வெளியிடப்பட்ட குறிப்பு தெரிவிக்கிறது.

இதே மூல மதிப்பு, பிற செயற்கை நுண்ணறிவுப் பணிகளுக்கு வாயிற்காப்போனாகவும் இருந்துள்ளது. 2022இல் வெளியான லயான்-5பி என்ற 585 கோடி படவுரைத் தொகுப்பில், ஆங்கில இணைகளுக்கு 0.28, பிற மொழி இணைகளுக்கு 0.26 என்று எல்லை வகுக்கப்பட்டு, அதற்குக் குறைவான மதிப்பு பெற்றவை விலக்கப்பட்டன. எந்தப் படத்தை அடுத்த தலைமுறை மாதிரிகள் பார்க்கலாம் என்பதை, முந்தைய தலைமுறை மாதிரியின் இரண்டு தசம எண் முடிவு செய்தது.

ஆப்பிள் மீது ஒட்டிய காகிதம்

2021 மார்ச் மாதம் ஓபன்ஏஐ வெளியிட்ட மற்றொரு ஆய்வில் ஒரு விந்தையான சோதனை இடம்பெற்றது. கிரானி ஸ்மித் வகைப் பச்சை ஆப்பிள் ஒன்றின் படத்தை ‘கிளிப்’ 85.6 சதவீத உறுதியுடன் சரியாக அடையாளம் கண்டது. பின்னர் அதே ஆப்பிளின் மீது ஐபாட் என்று கையால் எழுதிய காகிதத்தை ஒட்டிப் படம் எடுத்தனர். இப்போது விடை, ‘ஐபாட்’, உறுதி 99.7 சதவீதம்.

பயிற்சித் தேர்வை நினைவில் கொண்டால் இதில் வியப்பில்லை. இணையப் படங்களில் கடைப் பலகை, நூல் அட்டை, விளம்பரம் என எழுத்துகள் நிறைந்துள்ளன. படத்துக்குள் எழுதப்பட்ட சொல்லே விளக்கவரியிலும் வருவது இயல்பு. எனவே, உரிய விளக்கவரியைப் பொறுக்குவதற்கு, படத்தில் உள்ள எழுத்தைப் படிப்பது மிக எளிய வழி. அந்த வழியை மாதிரி தானாகவே கண்டுகொண்டது. எழுதப்பட்ட பெயருக்கும் பெயருக்குரிய பொருளுக்கும் இடையிலான வேறுபாட்டை அந்தத் தேர்வு கேட்கவில்லை. எனினும் அது எழுத்தை நன்றாகப் படிக்கிறது என்றும் கொள்ள இயலாது. கையால் எழுதிய இலக்கங்கள் கொண்ட எம்னிஸ்ட் என்ற எளிய தொகுப்பில் அதன் மதிப்பெண் 88 சதவீதம் மட்டுமே. படப் புள்ளிகளின்மீது நேரடியாகப் பயிற்சி பெற்ற மிக எளிய பழைய கணக்குமுறைகூட இதைவிட நன்றாகச் செய்கிறது. அத்தகைய படங்கள் அதன் 40 கோடியில் ஏறக்குறைய இல்லை என்பதே காரணம்.

யார் யாரைச் சூழ்ந்தார்?

இதைவிட ஆழமான குறை, சொற்களின் உறவு தொடர்பானது. 2022இல் வெளியான வினோகிரவுண்ட் என்ற சோதனைத் தொகுப்பில், கையால் கவனமாக உருவாக்கிய 400 எடுத்துக்காட்டுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் இரண்டு படங்கள், இரண்டு வாக்கியங்கள். இரண்டு வாக்கியங்களிலும் சொற்கள் ஒன்றே. வரிசை மட்டும் வேறு. அவற்றுள் ஒன்று: ஒரு மின்விளக்கைச் சூழ்ந்த செடிகள், செடிகளைச் சூழ்ந்த ஒரு மின்விளக்கு. முதல் படத்தில் செடிகளின் நடுவே விளக்கு இருக்கும். இரண்டாவதில் விளக்கின் கண்ணாடிக் குமிழுக்குள் செடிகள் இருக்கும். எந்த வாக்கியம் எந்தப் படத்துக்கு உரியது என்று பொருத்த வேண்டும். ‘கிளிப்’ உள்பட அன்று சோதிக்கப்பட்ட மாதிரிகளுள் எதுவும் கண்ணை மூடிக்கொண்டு ஊகிப்பதைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் சிறப்பாகச் செய்யவில்லை. மனிதர்களுக்கோ இது எளிதாகவே இருந்தது.

காரணத்தை மீண்டும் 32,768 வரிகளிலேயே தேட வேண்டும். தற்செயலாகத் திரட்டிய ஒரு சுற்றில் ‘நாய் மனிதனைத் துரத்துகிறது’ என்ற வரி இருக்கலாம். ஆனால் அதே சுற்றில் ‘மனிதன் நாயைத் துரத்துகிறான்’ என்ற வரியும், அதற்குரிய படமும் அமைவது அரிதினும் அரிது. நாய், மனிதன், துரத்தல் ஆகிய மூன்றும் வரியில் உள்ளன என்று கண்டுகொண்டாலே போதும்; மற்ற 32,767 வரிகளையும் விலக்கிவிடலாம். யார் துரத்துகிறார் என்பதை அறிந்தாலும் கூடுதல் மதிப்பெண் இல்லை. அறியாவிட்டாலும் இழப்பு இல்லை. கேட்கப்படாத கேள்விக்கு மாதிரி விடை கற்கவில்லை.

இந்த விளக்கம் வெறும் ஊகமன்று. மெர்ட் யுக்செக்கோனுல் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட கட்டுரை இத்தகைய மாதிரிகள் வாக்கியத்தைச் சொற்களின் மூட்டையாகவே கையாள்வதைக் காட்டியது. விளக்கவரிகளின் சொற்களைக் கலைத்துப் போட்டாலும், வழக்கமான படத்தேடல் சோதனைகளில் மதிப்பெண் பெரிதாகக் குறையாததையும் அவர்கள் கண்டனர். பின்னர், சொற்களை இடம் மாற்றிய தவறான வரிகளை வேண்டுமென்றே பயிற்சிச் சுற்றில் சேர்த்தனர். சொல்வரிசை சார்ந்த சோதனைகளில் மாதிரி முன்னேறியது. தேர்வில் கேட்டால் கற்கும் என்பதற்கு அது சான்று.

தமிழ் வாசகர்களுக்கு இங்கே ஒரு துணைக்குறிப்பு பொருந்தும். ஆங்கிலத்தில் யார் யாரை என்பதைச் சொல்வரிசை சுமக்கிறது. தமிழிலோ அந்தப் பொறுப்பு ‘ஐ’ என்ற ஒரே வேற்றுமை உருபின் மேல் நிற்கிறது. ‘மனிதனை நாய்’, ‘நாயை மனிதன்’ என்ற இரண்டுக்கும் இடையே கண்ணில் படும் வேறுபாடு அந்த ஓர் அசைதான்.

தமிழ்ச் சொல் எங்கே நிற்கிறது?

‘கிளிப்’ மாதிரி ஆங்கிலம் தவிர்த்த எம்மொழிக்கும் வேண்டுமென்று பயிற்றுவிக்கப்படவில்லை, சோதிக்கப்படவும் இல்லை. ஆகவே ஆங்கிலத்தில் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று அதன் குறிப்பு அறிவுறுத்துகிறது. தமிழ் வாக்கியத்தைத் தந்தால் பிழைச் செய்தி எதுவும் வராது. 512 எண்கள் வழக்கம்போல வெளிவரும், சதவீதமும் வரும். ஆனால் அந்த அம்பு நோக்கும் திசைக்குப் பொருள் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. பிழை ஓசையின்றி நிகழ்வதே இங்குள்ள சிக்கல்.

இதற்கு இரண்டு தீர்வுகள் கையாளப்பட்டுள்ளன. முதலாவது, ஆசிரியர்-மாணவர் முறை. ஆங்கில விளக்கவரி ஒன்றை ‘கிளிப்’ எந்த இடத்தில் நிறுத்துகிறது என்று குறித்துக்கொள்வர். அதே வரியை மற்றொரு மொழிக்கு இயந்திரத்தால் மொழிபெயர்த்து, பல மொழி அறிந்த புதிய உரைப் பகுதியிடம் தருவர். புதிய பகுதி தன் அம்பை ஆங்கில அம்பு நின்ற இடத்திலேயே நிறுத்தப் பழக வேண்டும். இதற்குப் படங்களே தேவைப்படுவதில்லை. மொழிபெயர்ப்பு மட்டும் போதும். பன்மொழி ‘கிளிப்’ மாதிரிகள் சில இவ்வாறு உருவாக்கப்பட்டன.

சிக்கனமான வழிதான். ஆனால் மொழிபெயர்ப்பை நாள்தோறும் செய்யும் ஒருவருக்கு இதிலுள்ள இடர் உடனே கண்ணில் படும். ஆங்கிலம் வேறுபடுத்தாத எதையும் இந்த முறையில் கற்க இயலாது. அக்கா, தங்கை ஆகிய இருவருக்கும் ஆங்கில வரியில் இருப்பது ஒரே சொல். மொழிபெயர்ப்பில் அது ‘சகோதரி’ என்று வந்து நிற்கும். வீட்டு வாசலில் பெரியவள் ஒருத்தி சிறியவளுக்குத் தலைவாரிவிடும் படத்தில், ‘அக்கா’வின் அம்பு எங்கே, ‘தங்கை’யின் அம்பு எங்கே என்று பிரித்தறியக் கற்பிக்கும் வரி அந்தப் பாடநூலில் இராது. ‘திண்ணை’ என்ற சொல்லுக்கும் இதே நிலைதான். ஆங்கில விளக்கத்தில் அதற்கு நேரான சொல் இல்லாததால், மொழிபெயர்ப்பில் ‘தாழ்வாரம்’ வரலாம், ‘முன்மாடம்’ வரலாம். ‘திண்ணை’ வருவதற்கு வாய்ப்பு குறைவு.

இரண்டாவது தீர்வு, அந்தந்த மொழியினர் தாமே எழுதிய விளக்கவரிகளைத் திரட்டிப் பயிற்சி அளிப்பது. கூகுள் நிறுவனத்தின் வெப்லி என்ற தொகுப்பில் சுமார் 1,000 கோடி படங்களும், 109 மொழிகளின் உரைகளும் உள்ளன. அதனைக் கொண்டு பயிற்சி பெற்ற சிக்லிப்-2 என்ற மாதிரி 2025 பிப்ரவரியில் வெளியானது. சிக்லிப் வரிசையில் தேர்வு முறையும் சற்று மாறியுள்ளது. ஒட்டுமொத்த வரிகளிலிருந்து ஒன்றைப் பொறுக்குவதற்குப் பதிலாக, ஒவ்வொரு கட்டத்துக்கும் ‘இந்த இணை சரியா, தவறா’ என்று தனித்தனியே விடையளிக்க வேண்டும். ஆயினும் பயிற்சிக்கு எடுத்துக்கொண்ட இணைகளுள் 90 சதவீதம் ஆங்கில இணையப் பக்கங்களிலிருந்து வந்தவை. எஞ்சிய 10 சதவீதத்தை மற்ற மொழிகள் அனைத்தும் பகிர்ந்துகொள்கின்றன.